ஒரு கற்றை இரண்டாகப் பிரிந்தது ஏன்: வெள்ளி அணுவும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும்

1922 பிப்ரவரி 8 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து கோபன்ஹேகனுக்கு ஓர் அஞ்சலட்டை போனது. அனுப்பியவர் இயற்பியலாளர் வால்தர் கெர்லாக், பெற்றவர் அணுக் கோட்பாட்டாளர் நீல்ஸ் போர். அட்டையில் பக்கம் பக்கமாக இரண்டு படங்கள். இடப்பக்கம் செங்குத்தாக ஒரே ஒரு கோடு. வலப்பக்கம் அதே கோடு நடுவில் பிளந்து, மேலும் கீழும் கூடி, லேசாகத் திறந்த உதடுகளைப் போல் இருந்தது. வெள்ளி அணுக்களின் கற்றையைக் காந்தத்தின் வழியே விட்டு ஒரு தட்டில் படியவைத்த படங்கள் அவை. காந்தத்தை இயக்காதபோது படிந்தது இடப்பக்கம், இயக்கியபோது படிந்தது வலப்பக்கம். உங்கள் கோட்பாடு மெய்யாகிவிட்டது, வாழ்த்துகள் என்று கெர்லாக் எழுதியிருந்தார்.

படம் சரி. வாழ்த்துதான் தவறான விலாசத்துக்குப் போனது. போரின் கோட்பாடு சொன்ன காரணத்தால் அந்தக் கோடு பிளக்கவில்லை. உண்மைக் காரணமான எலக்ட்ரானின் தற்சுழற்சியை அன்றைக்கு யாரும் இந்தப் பிளவோடு சேர்த்து எண்ணியிருக்கவே இல்லை. இது ஏன் யாருக்கும் உறைக்கவில்லை என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்தப் பிளவு எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும்.

அணுவை ஒரு குட்டிக் காந்தமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வடமுனை, ஒரு தென்முனை. அதைச் சீரான காந்தப்புலத்தில், அதாவது எல்லா இடத்திலும் ஒரே வலிமையுள்ள புலத்தில் வைத்தால், வடமுனை ஒரு பக்கம் இழுபடும், தென்முனை எதிர்ப்பக்கம் அதே அளவு இழுபடும். இரண்டு விசையும் ஒன்றையொன்று அடித்துவிடும். காந்தம் திரும்பப் பார்க்கும், ஆனால் இடம் பெயராது. அணுவுக்குக் கோண உந்தமும் இருப்பதால் அது திரும்பிக்கூட நிற்காது. சுற்றும் பம்பரத்தின் அச்சு சாயாமல் வட்டமிடுவது போல, அணுக்காந்தத்தின் அச்சும் புலத்தின் திசையைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். புலத்தோடு அது வைத்திருக்கும் கோணம் மாறாது. எவ்வளவு வலிமையான காந்தமானாலும் புலம் சீராக இருந்தால் கற்றை நேரே வந்துவிடும். ஆய்வில் காந்தம் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

புலம் இடத்துக்கு இடம் மாறினால் கதை வேறு. வடமுனை இருக்கும் இடத்தில் புலம் சற்றே வலிமையாகவும் தென்முனை இருக்கும் இடத்தில் சற்றே குறைவாகவும் இருந்தால், இரண்டு இழுப்பும் சமன்படாது. மிச்சம் ஒரு விசை நிற்கும். மேல்கீழ் திசையை z என்று வைத்தால் அந்த விசை இவ்வளவுதான்:

```
F = μz × (dB/dz)
```

இதில் μz என்பது அணுவின் காந்தத் திருப்புத்திறனில், அதாவது அதன் காந்த வலிமையில், மேல்கீழ் திசையில் விழும் பங்கு. dB/dz என்பது ஒரு மீட்டர் மேலே போனால் புலம் எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு, அதாவது புலத்தின் சரிவு. புலத்தின் வலிமை இந்தச் சமன்பாட்டில் இல்லை, சரிவுதான் இருக்கிறது. ஒட்டோ ஸ்டெர்னும் அவரோடு இந்த ஆய்வைச் செய்த கெர்லாக்கும் காந்தத்தின் ஒரு முனையைக் கத்தி விளிம்பு போலக் கூராக்கி, எதிர்முனையில் ஒரு பள்ளம் வெட்டியது இதற்காகத்தான். கூரான விளிம்பை ஒட்டிப் புலக்கோடுகள் நெருங்கும், பள்ளத்தை நோக்கி விரியும். இடைவெளி சிறிதானாலும் அதற்குள் சரிவு செங்குத்தாக இருக்கும்.

அஞ்சலட்டையில் கோட்டின் இரு நுனியும் ஏன் பிளக்கவில்லை என்பதற்கும் இதுவே பதில். கற்றை ஒரு மெல்லிய நீள்துளை வழியாக வந்தது. அதன் நடுப்பகுதி கத்தி விளிம்பை ஒட்டிப் போனது. இரு ஓரங்களும் விளிம்பிலிருந்து விலகி, சரிவு குறைந்த இடத்தில் போயின. விசை குறைந்ததால் அங்கே பிரிவு இல்லை. உதடு போன்ற அந்த வடிவம் காந்தப்புலத்தின் வடிவமே தவிர, அணுவைப் பற்றிய செய்தி அல்ல.

இனி அவர்களுடைய எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். அடுப்பில் வெள்ளி சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஆவியாகிறது. அங்கிருந்து வரும் அணுக்கள் ஏறத்தாழ நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. காந்தத்தின் நீளம் 3.5 சென்டிமீட்டர். ஆகவே ஓர் அணு காந்தத்துக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் லட்சத்தில் ஆறு பங்குதான். புலச்சரிவு சென்டிமீட்டருக்கு 10 டெஸ்லா என்ற அளவு, மீட்டருக்கு 1000. அணுவின் காந்தத் திருப்புத்திறன் ஒரு போர் மேக்னட்டான், அதாவது 9.27 × 10⁻²⁴ ஜூல்/டெஸ்லா. இரண்டையும் பெருக்கினால் விசை 9.3 × 10⁻²¹ நியூட்டன். ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் வெள்ளி அணுவின் நிறை 1.8 × 10⁻²⁵ கிலோகிராம்தான். வகுத்தால் முடுக்கம் நொடிவர்க்கத்துக்கு ஏறக்குறைய 52,000 மீட்டர் வருகிறது. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 5000 மடங்குக்கும் மேல். அந்தச் சிறு நேரத்தில் இந்த முடுக்கம் அணுவை 0.09 மில்லிமீட்டர் நகர்த்தும். மேலே போகும் அணுவுக்கும் கீழே போகும் அணுவுக்கும் இடையே 0.18 மில்லிமீட்டர். ஆய்வில் கண்ட பிரிவு சுமார் 0.2 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிமன்தான்.

வெள்ளி இவ்வளவு கனமான அணுவாயிற்றே, லேசான அணுவை எடுத்திருந்தால் இன்னும் நன்றாகப் பிரிந்திருக்காதா என்று கேட்கத் தோன்றும். பிரிந்திருக்காது. விலகல் அணுவின் நிறையைத் தனியாகப் பார்ப்பதில்லை. நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதைத்தான் பார்க்கிறது. அது அணுவின் இயக்க ஆற்றலைப் போல் இரண்டு மடங்கு. ஒரே வெப்பநிலையில் எந்த அணுவுக்கும் அது சராசரியாக ஒன்றுதான். கனமான அணு மெதுவாகப் போவதால், காந்தத்துக்குள் அதிக நேரம் இருந்து கணக்கை நேர்செய்துவிடுகிறது. குறைக்க வேண்டியது நிறையை அல்ல, அடுப்பின் வெப்பத்தை. ஆனால் வெப்பம் குறைந்தால் வெள்ளி போதிய அளவு ஆவியாகாது.

இந்த அளவில் வேலை செய்யும்போது எதுவும் தவறலாம், தவறவும் செய்தது. கற்றையை ஒடுக்கும் துளைகளும் காந்தமும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் படம் போய்விடும். காற்று மூலக்கூறில் முட்டாமல் அணு கடைசிவரை போக வேண்டுமானால் நல்ல வெற்றிடம் வேண்டும். அன்றைய வெற்றிடப் பம்புகள் கண்ணாடி, அவை அடிக்கடி உடைந்தன. பல மணி நேரம் ஓட்டினாலும் தட்டில் படியும் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஸ்டெர்ன் பின்னாளில் சொன்ன ஒரு கதை பிரபலம். சம்பளம் போதாததால் அவர் மலிவான சுருட்டுதான் பிடிப்பாராம். தட்டை முகத்தருகே வைத்துப் பார்த்தபோது சுருட்டுப் புகையிலிருந்த கந்தகம் வெள்ளியைக் கருப்பாக்கிப் படத்தை வெளிக்கொண்டு வந்ததாம். 2003இல் இதைச் சோதித்துப் பார்த்த இரு இயற்பியலாளர்கள், வெறும் மூச்சுக்காற்று போதாது, புகை நேரடியாகப் பட்டால் வெள்ளி கறுக்கிறது என்று கண்டார்கள். கதையை நான் நம்பத்தான் செய்கிறேன். ஆனால் அதைப் பிளவு தெரிந்த இரவோடு சேர்த்துச் சொல்வது பொருந்தாது. அப்போது ஸ்டெர்ன் வேலை மாறி ராஸ்டாக் நகருக்குப் போய்விட்டிருந்தார். தட்டைப் பார்த்தவர் கெர்லாக்.

பிளவு முதல் முயற்சியிலேயே தெரிந்துவிடவும் இல்லை. 1921 நவம்பரில் இருவரும் கற்றையை வட்டத் துளைகள் வழியாக விட்டபோது, காந்தத்தை இயக்கியதும் வெள்ளிப் புள்ளி அகன்றது. அகன்றது என்பது உறுதி. இரண்டானது என்று சொல்ல வழியில்லை. வட்டத் துளையில் வரும் அணுக்களில் சிலதான் கூரான விளிம்பை ஒட்டிப் போகும், மற்றவை விலகிப் போகும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு நகர, இடைவெளி இருந்தாலும் நிரம்பிவிடும். அடுத்த பிப்ரவரியில் ஒரு வட்டத் துளைக்குப் பதிலாக 0.8 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நீள்துளை வைத்தார்கள். உதடுகள் திறந்தது அதன் பிறகுதான்.

அகல்வதற்கும் இரண்டாகப் பிரிவதற்கும் அப்படி என்ன வேறுபாடு? முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. அடுப்பிலிருந்து வரும் அணுக்காந்தங்கள் எல்லாத் திசையையும் பார்த்துக் கலைந்து கிடக்கின்றன. பழைய இயற்பியலின்படி μz ஒவ்வோர் அணுவுக்கும் ஒவ்வொரு மதிப்பாக இருக்கும்: நேர் மேலே பார்ப்பதற்கு முழு அளவு, படுத்துக் கிடப்பதற்குச் சுழி, மற்றவற்றுக்கு இடைப்பட்ட எல்லாமும். அப்படியானால் தட்டில் மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியான ஒரு பூச்சு விழ வேண்டும். அணுக்களின் வேகம் ஒன்றுபோல் இல்லாததையும் சேர்த்தால், அந்தப் பூச்சு நடுவில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். கெர்லாக்கின் தட்டில் நடுப்பகுதி காலி. வேக வேறுபாட்டால் இரண்டு கோடுகளும் தடித்திருந்தன. மெதுவான அணு அதிகம் நகரும், வேகமானது குறைவாக நகரும். ஆனால் நகராமல் நின்ற அணுக்கள் இல்லை.

இதை எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். எலக்ட்ரான் கருவைச் சுற்றும் பாதை, புலத்தைப் பொறுத்துச் சில குறிப்பிட்ட சாய்வுகளில் மட்டுமே நிற்க முடியும் என்று 1916இலேயே சொமர்ஃபெல்ட் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் ஓர் அலகு கோண உந்தமுள்ள பாதைக்கு மூன்று நிலைகள் வரும்: +1, 0, −1. இவற்றில் சுழி நிலைக்கு இடமில்லை என்று போர் வாதித்தார். மிச்சம் இரண்டு. ஸ்டெர்ன் இதை நம்பவில்லை; நம்பாததால்தான் ஆய்வையே தொடங்கினார். தட்டில் இரண்டு கோடு வந்ததும், சந்தேகப் பேர்வழியான ஸ்டெர்னும் இனி ஒப்புக்கொள்வார் என்று நம்புவதாகப் பவுலி கெர்லாக்குக்கு எழுதினார்.

கோடுகளின் எண்ணிக்கை மட்டும் பொருந்தியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அளவும் பொருந்தியது. கோடுகள் விலகிய தூரத்திலிருந்து கணக்கிட்டபோது காந்தத் திருப்புத்திறன் ஒரு போர் மேக்னட்டான் என்று வந்தது, பிழை 10 சதவீதத்துக்குள். போரின் பாதைக்கு வர வேண்டிய மதிப்பும் அதுவே. எண்ணிக்கையும் சரி, அளவும் சரி என்றால் கோட்பாட்டை யார் சந்தேகிப்பார்கள்?

1925இல் லெய்டனில் உலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள், நிறமாலைக் கோடுகளில் இருந்த ஒரு புதிரை அவிழ்க்க, எலக்ட்ரானுக்குத் தன்னளவிலேயே ஒரு கோண உந்தம் உண்டு என்று முன்மொழிந்தார்கள். அளவு ħ/2. அதாவது பாதையில் சுற்றுவதற்குரிய அலகில் பாதி. முதுபெரும் லோரன்ஸிடம் காட்டியபோது அவர் ஒரு சிக்கலைச் சுட்டினார். எலக்ட்ரானை உண்மையிலேயே சுற்றும் ஓர் உருண்டையாக எடுத்து, அன்றைக்கு நினைத்த ஆரத்தைப் போட்டால், இந்தக் கோண உந்தத்துக்கு அதன் விளிம்பு ஒளியைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்ற வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெற அவர்கள் ஓடியபோது, அவர்களுடைய பேராசிரியர் ஏரன்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அதே யோசனை க்ரோனிக் என்பவருக்கு முன்பே வந்திருந்தது. பவுலி மட்டம் தட்டியதால் அவர் வெளியிடாமல் விட்டுவிட்டார். லோரன்ஸ் சொன்னது சரிதான். எலக்ட்ரான் உருண்டையாகச் சுற்றவில்லை. நிறை, மின்னூட்டம் போல் இந்தக் கோண உந்தமும் அதற்கு இயல்பாக உள்ள ஒன்று. தற்சுழற்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது, சுழற்சி இல்லை.

அரை அலகு என்பதற்கு ஒரு விளைவு உண்டு. அடுத்தடுத்த நிலைகள் ஓர் அலகு இடைவெளியில்தான் இருக்க முடியும். +½இல் தொடங்கினால் அடுத்தது −½, அதோடு முடிந்தது. இரண்டே நிலை, நடுவில் சுழியே கிடையாது. முழு அலகுகளில் வரும் பாதைச் சுற்றுக்கு நிலைகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் அமையும்: 1, 3, 5. சுழி நிலையை விலக்கப் போர் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது இதனால்தான்.

அப்படியானால் அளவு ஏன் பொருந்தியது? கோண உந்தம் பாதி என்றால் காந்தத் திருப்புத்திறனும் பாதியாக அல்லவா வர வேண்டும்? எலக்ட்ரானின் தற்சுழற்சி, பாதைச் சுற்றோடு ஒப்பிட்டால், அதே கோண உந்தத்துக்கு இரண்டு மடங்கு காந்தத்தைத் தருகிறது. இந்த இரண்டு என்ற எண்ணைத்தான் g என்று குறிக்கிறார்கள். பாதி கோண உந்தம், இரட்டிப்புக் காந்தம், பெருக்கினால் ஒன்று. தவறான கோட்பாட்டின் 1 × 1, சரியான கோட்பாட்டின் ½ × 2 இரண்டும் ஒரே விடை. இயற்பியல் வரலாற்றில் இதைவிடக் குறும்பான தற்செயல் எனக்குத் தெரியாது.

வெள்ளி அணுவில் 47 எலக்ட்ரான்கள். அவற்றில் 46 கூடுகளை நிரப்பி ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. கடைசி ஒன்று 5s நிலையில் தனியாக இருக்கிறது. அந்த நிலைக்குப் பாதைக் கோண உந்தம் சுழி. ஆகவே பாதையால் பிளவு வந்திருக்கவே முடியாது; தனி எலக்ட்ரானின் தற்சுழற்சி ஒன்றுதான் மிச்சம். இதை 1927இல் ஃபிரேசர் என்பவர் கவனித்து எழுதியபோதுதான், ஐந்து ஆண்டுகளுக்கு முன் தட்டில் விழுந்தது எது என்று தெரிந்தது. அதே ஆண்டு ஃபிப்ஸும் டெய்லரும் ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவை வைத்துச் செய்து, அதுவும் இரண்டாகப் பிரிவதைக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு கேள்வி 1922இலேயே எழுந்திருந்தது. கலைந்து கிடந்த அணுக்கள் காந்தத்துக்குள் நுழைந்ததும் மேல், கீழ் என்ற இரண்டு திசையில் எப்படி அணிவகுத்தன? ஐன்ஸ்டைனும் ஏரன்ஃபெஸ்ட்டும் அந்த ஆண்டே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புலத்தில் ஓர் அணு திரும்பி நிற்க வேண்டுமானால் ஆற்றலை வெளியே விட வேண்டும். மோதல்கள் இல்லாத கற்றையில் கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆகும். அணுவுக்குக் காந்தத்துக்குள் கிடைப்பதோ லட்சத்தில் ஆறு பங்கு நொடி. விடை, அணுக்கள் திரும்பவே இல்லை என்பதுதான். திரும்புவதற்கு ஒரு திசையை அவை முன்பே வைத்திருக்கவும் இல்லை.

இதைக் காட்ட, மேலே போன கற்றையை மட்டும் எடுத்து இரண்டாவது காந்தத்துக்குள் விடலாம். இரண்டாவதும் மேல்கீழாக இருந்தால் எல்லா அணுக்களும் மேலேயே போகும். அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பாதி இடம், பாதி வலம். நடுவில் ஒன்றும் விழாது. 60 டிகிரி சாய்த்து வைத்தால் நான்கில் மூன்று பங்கு புதிய மேல்பக்கம், ஒரு பங்கு கீழ்ப்பக்கம், விதி cos²(θ/2). காந்தத்தை எந்தக் கோணத்தில் வைத்தாலும் கோடுகள் இரண்டுதான், அவற்றின் இடைவெளியும் அதேதான். மாறுவது எந்தக் கோட்டில் எத்தனை அணு என்பது மட்டும். இடம் போன அணுக்களைத் திரும்பவும் மேல்கீழ்க் காந்தத்தில் விட்டால் பாதி மேலேயும் பாதி கீழேயும் போகும். முதல் காந்தத்தில் அவை அனைத்தும் மேலே போனவை. அந்த அடையாளம் எங்கும் மிஞ்சவில்லை.

இவ்வளவும் எலக்ட்ரானின் குணம் என்றால் எலக்ட்ரான் கற்றையையே நேராகக் காந்தத்தில் விட்டால் என்ன? அணு மின்னூட்டமற்றது, எலக்ட்ரான் அப்படி இல்லை. ஓடும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் தானாகவே வளைத்துவிடும். அந்த வளைவு எல்லா எலக்ட்ரானுக்கும் ஒன்றாக இருந்தால் கழித்துவிடலாம். ஆனால் புலம் மேல்கீழாக மாறினால் பக்கவாட்டிலும் மாறியே தீரும். அதனால் கற்றையின் இடது ஓரத்தில் போகும் எலக்ட்ரானும் வலது ஓரத்தில் போவதும் வெவ்வேறு அளவு வளையும். தற்சுழற்சியால் வரும் விசையோடு இந்தக் கலங்கலை ஒப்பிட்டால், கற்றையின் அகலம் எலக்ட்ரானின் அலைநீளத்தைப் போல் எத்தனை மடங்கோ, அதன் சுமார் பன்னிரண்டு மடங்கு கலங்கலே பெரிதாக இருக்கும். அலைநீளத்தைவிடக் குறுகிய நீள்துளை வைத்தால் கற்றை அலையைப் போல விரிந்து சிதறும். இரண்டு பக்கமும் அடைபட்ட வழி இது. இம்மாதிரி ஆய்வில் எலக்ட்ரானின் தற்சுழற்சியைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று போர் வாதித்ததும் இந்த அடிப்படையில்தான்.

பின்னாளில் ஹான்ஸ் டேமெல்ட் என்ற இயற்பியலாளர் கற்றையை விட்டுவிட்டு ஒற்றை எலக்ட்ரானை மின்புல, காந்தப்புலப் பொறிக்குள் அடைத்தார். புலத்தில் சிறிதே சரிவு வைத்தார். தற்சுழற்சி மேலா கீழா என்பதைப் பொறுத்து, எலக்ட்ரான் மேலும் கீழும் ஊசலாடும் அதிர்வெண் கொஞ்சம் மாறியது. ஸ்டெர்னும் கெர்லாக்கும் பயன்படுத்திய அதே விசைதான். அவர்கள் தட்டில் இடத்தை அளந்தார்கள், இவர் அதிர்வெண்ணை அளந்தார். 1989இல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. g சரியாக 2 அல்ல, 2.00232 என்பதை இம்மாதிரிப் பொறிகள்தான் பத்துக்கும் மேற்பட்ட இலக்கத் துல்லியத்தில் அளந்தன.